வாட்ஸ்அப்பில் கணீரென்று கேட்கும் வீடியோ யூடியூபில் ஏன் இறங்கிப்போகிறது?

கூத்துமேடை | 3 ஜூன் 2024, இரவு 10.52

செய்யாறு பக்கம் நடக்கும் தெருக்கூத்துகளைப் பதிவுசெய்து யூடியூபில் போட்டுவருகிறேன். மைக்கும் மிக்ஸிங்கும் என் வேலை, கேமரா நண்பருடையது. கட்டியங்காரன் மேடைக்கு வரும் ஆறு நிமிடத் துண்டு ஒன்றை நேற்று ஏற்றினேன். அதே கோப்பைக் கூத்துக்குழு வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். வாட்ஸ்அப்பில் கேட்டால் முகவீணை காதைத் துளைக்கிறது. யூடியூபில் பாதிச் சத்தம்கூட இல்லை. ஒரே போன், ஒரே வால்யூம், அடுத்தடுத்து கேட்டேன்.

பெரிய சேனல்களின் பாட்டெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது. சின்ன சேனல் என்றால் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

சலங்கை | 3 ஜூன், இரவு 11.15

ப்ளூடூத் ஹெட்செட்டில் கேட்டீர்களா? என்னுடையதில் போனின் வால்யூம் தனி, ஹெட்செட்டின் வால்யூம் தனி. இரண்டையும் ஏற்ற வேண்டும். போன் செட்டிங்கில் ஒரு இடத்தில் இரண்டையும் சேர்த்துவிடலாம்.

கூத்துமேடை | 3 ஜூன், இரவு 11.21

போன் ஸ்பீக்கர்தான். ஹெட்செட் எதுவும் இல்லை.

ஒலிமேசை | 4 ஜூன், காலை 6.40

சின்ன சேனல், பெரிய சேனல் என்ற பேதம் இதில் கிடையாது. கம்ப்யூட்டரில் உங்கள் வீடியோவை ஓடவிட்டு, அதன்மேல் ரைட் கிளிக் செய்து `Stats for nerds` என்பதைத் தட்டுங்கள். `Volume / Normalized` என்று ஒரு வரி இருக்கும். அதை அப்படியே இங்கே எழுதுங்கள். பிளேயரின் சத்தத்தை முழுதாக வைத்துவிட்டுப் பாருங்கள். எண்ணைப் பார்க்காமல் இதைப் பேச முடியாது.

கூத்துமேடை | 4 ஜூன், காலை 8.05

இதுதான் இருக்கிறது:

```
Volume / Normalized  100% / 50% (content loudness 6.0dB)
```

ஐம்பது சதவீதம்! பாதியாகக் குறைக்கிறார்கள் என்று நான் சொன்னது சரிதானே?

ஒலிமேசை | 4 ஜூன், காலை 9.30

குறைக்கிறார்கள், ஆனால் காரணம் நீங்கள் நினைப்பது இல்லை. யூடியூப் ஒரு குறிமட்டம் வைத்திருக்கிறது. வீடியோ முழுவதன் சத்தத்தை அளக்கும் லஃப்ஸ் கணக்கில் அது மைனஸ் 14 அளவில் இருப்பதைப் பலரும் அளந்து பார்த்திருக்கிறார்கள். உங்கள் துண்டு அதைவிட 6 டெசிபல் கூடுதல், அதாவது மைனஸ் 8. அந்த ஆறையும் பிளேயர் இறக்கிவிடுகிறது. அந்த 50 சதவீதம் என்பது அந்த ஆறு டெசிபல்தான். காதுக்கு அது சரிபாதியாகக் கேட்காது, ஆனால் தெளிவாகவே தெரியும்.

நீங்கள் சொல்கிற பெரிய சேனல் பாட்டு எதையாவது திறந்து இதே வரியைப் பாருங்கள். அங்கேயும் ஐந்து ஆறு டெசிபல் இறக்கியிருக்கும். சினிமாப் பாட்டை மாஸ்டர் செய்யும்போதே அந்த உயரத்தில் முடிப்பது வழக்கம்.

வாட்ஸ்அப் கோப்பைச் சுருக்குகிறது, ஆனால் சத்தத்தை இறக்குவதில்லை. என் துண்டு ஒன்று போய்ச்சேர்ந்தபின் அதை எடுத்து அளந்தபோது அனுப்பிய அளவே இருந்தது. அதனால்தான் ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி கேட்கிறது.

பாதிராத்திரி | 4 ஜூன், மதியம் 1.12

இதற்குத் தீர்வு ரொம்பச் சுலபம். எல்லா வீடியோவையும் சரியாக மைனஸ் 14 லஃப்ஸில் ஏற்றுங்கள். கூடுதலாக இருந்தால் யூடியூப் குறைக்கும், குறைவாக இருந்தால் ஏற்றிக்கொடுக்கும். எல்லாத் தளத்துக்கும் மைனஸ் 14 தான்.

ஒலிமேசை | 4 ஜூன், மாலை 6.55

முதல் பாதி சரி. குறைவாக இருந்தால் ஏற்றிக்கொடுக்கும் என்பது தவறு. யூடியூப் இறக்கும், ஏற்றாது. குறைந்த சத்தத்தில் ஏற்றிய வீடியோவில் அதே வரியைப் பார்த்தால் `100% / 100%` என்றும், பக்கத்தில் மைனஸ் கணக்கும் நிற்கும். அந்த மைனஸை யாரும் நிரப்பித் தருவதில்லை. கேட்பவர்தான் வால்யூமைக் கூட்ட வேண்டும்.

எல்லாத் தளத்துக்கும் ஒரே எண் என்பதும் சரியில்லை. ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14. ஆப்பிள் மியூசிக்கில் சவுண்ட் செக் போட்டிருந்தால் மைனஸ் 16. ஐரோப்பியத் தொலைக்காட்சிக்கு 2010இல் வந்த ஆர் 128 என்ற விதிப்படி மைனஸ் 23. நெட்ஃபிளிக்ஸுக்குக் கொடுக்கும் படத்தில் வசனத்தை மட்டும் அளந்து மைனஸ் 27இல் வைக்கச் சொல்கிறார்கள். டிவியில் நெட்ஃபிளிக்ஸ் படம் பார்த்து முடித்து யூடியூபுக்கு மாறினால் வீடே அதிர்கிறதே, அதற்கும் இந்த எண்கள்தான் காரணம்.

அடுப்பங்கரை | 4 ஜூன், இரவு 9.20

அண்ணா, என் கதை இதற்கு நேர் எதிர். சமையல் வீடியோ போடுகிறேன். சட்டையில் குத்தும் மைக். "அக்கா குரல் கேட்கவே இல்லை" என்று கமென்ட் வந்துகொண்டே இருக்கிறது. எடிட்டிங்கில் மீட்டர் சிவப்பைத் தொடுகிறது, இதற்குமேல் ஏற்றினால் உடையும். நீங்கள் சொன்ன இடத்தில் பார்த்தேன்:

```
Volume / Normalized  100% / 100% (content loudness -8.4dB)
```

மீட்டர் உச்சியில் நிற்கும்போது எட்டு டெசிபல் குறைவு என்றால் எப்படி?

ஒலிமேசை | 4 ஜூன், இரவு 10.45

தங்கச்சி, எடிட்டிங் மீட்டர் காட்டுவது உச்சத்தை. ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் ஒரு சத்தம் எகிறினாலும் அது சிவப்பைத் தொடும். லஃப்ஸ் என்பது வீடியோ முழுவதும் காதுக்கு எவ்வளவு சத்தம் விழுந்தது என்ற கணக்கு. இரண்டும் வேறு வேறு.

உங்கள் வீடியோவில் எங்கே சிவப்பு வருகிறது என்று அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கரண்டி வாணலியில் படும் இடமாகத்தான் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன். கட்டளை அடித்து ஓட்டும் ffmpeg என்ற மென்பொருள் இருந்தால் முதலில் இதை ஓட்டி, கடைசியில் வரும் மொத்தச் சத்தம் `I:`, ஏற்ற இறக்கம் `LRA:`, உச்சம் `Peak:` மூன்றையும் எழுதுங்கள்.

```
ffmpeg -i samayal.mp4 -af ebur128=peak=true -f null -
```

அடுப்பங்கரை | 5 ஜூன், காலை 11.10

தம்பி வந்து ஓட்டிக்கொடுத்தான். `I: -22.4`, `LRA: 6.2`, `Peak: -3.1`. கரண்டிதான் அண்ணா. தாளிக்கும்போதும், கடைசியில் கரண்டியை வாணலி விளிம்பில் தட்டும்போதும் ஈட்டி மாதிரி நிற்கிறது. என் பேச்சு அதில் பாதி உயரம்கூட இல்லை.

பாதிராத்திரி | 5 ஜூன், காலை 11.48

ffmpeg வைத்திருக்கிறீர்களே, அதில் சத்தத்தைக் கேட்ட அளவுக்குக் கொண்டுவரும் லவுட்நார்ம் போட்டுவிடுங்கள். ஒரே வரியில் முடிந்துவிடும். நான் எல்லாவற்றுக்கும் இதுதான்:

```
ffmpeg -i samayal.mp4 -c:v copy -af loudnorm=I=-14:TP=-1:LRA=11 -ar 48000 out.mp4
```

அடுப்பங்கரை | 5 ஜூன், மாலை 4.30

போட்டுப் பார்த்தேன். குரல் மேலே வந்துவிட்டது, ஆனால் நான் பேச்சை நிறுத்தும் இடங்களில் எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம் மெல்ல ஏறுகிறது. மறுபடி பேசத் தொடங்கினால் இறங்குகிறது. கரண்டி தட்டியதும் என் குரலும் ஒரு கணம் அமுங்குகிறது. முன்பு இப்படி இல்லை.

ஒலிமேசை | 5 ஜூன், இரவு 8.15

லவுட்நார்மை ஒரே ஓட்டத்தில் ஓட்டினால் அது போகிறபோக்கில் சத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே போகும். முழுக் கோப்பும் எவ்வளவு என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் ஃபேன் ஏறுகிறது. முதல் ஓட்டத்தில் அளந்து, இரண்டாம் ஓட்டத்தில் அந்த எண்களையும் `linear=true` என்பதையும் கொடுத்தால், கோப்பு முழுவதையும் ஒரே அளவு உயர்த்தும்.

ஆனால் உங்கள் கோப்புக்கு அதுவும் இப்போது உதவாது. கணக்கைப் பாருங்கள். மைனஸ் 22.4இலிருந்து மைனஸ் 14க்கு வர 8.4 டெசிபல் ஏற்ற வேண்டும். உச்சம் இப்போதே மைனஸ் 3.1இல் இருக்கிறது. 8.4 ஏற்றினால் அது பிளஸ் 5.3க்குப் போகும். அனுமதித்த எல்லை மைனஸ் 1. எல்லை மீறும் என்று தெரிந்ததும் லவுட்நார்ம் சத்தம்போடாமல் பழைய ஏற்றி இறக்கும் முறைக்கே திரும்பிவிடும். `print_format=summary` சேர்த்து ஓட்டினால் கடைசியில் `Normalization Type` என்ற வரியில் `Dynamic` என்று நிற்கும். `linear=true` கொடுத்துவிட்டோம், எல்லாம் சரி என்று நம்பி, அந்த வரியைப் பார்க்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் கரண்டியை அடக்குங்கள். எத்தனை இடம் வருகிறது?

அடுப்பங்கரை | 5 ஜூன், இரவு 8.40

பதினொன்றோ பன்னிரண்டோ இருக்கும்.

ஒலிமேசை | 5 ஜூன், இரவு 9.02

அப்படியென்றால் கையாலேயே செய்துவிடலாம். ஒவ்வொரு தட்டலையும் இரண்டு பக்கமும் வெட்டி, அந்தத் துண்டை மட்டும் 7, 8 டெசிபல் இறக்குங்கள். வெட்டிய இடத்தில் சின்னதாக ஃபேட் வையுங்கள், இல்லாவிட்டால் 'டிக்' என்று கேட்கும். தட்டல் காணாமல் போகாது, ஈட்டி முனை மட்டும் மழுங்கும். அப்புறம் மறுபடி அளங்கள்.

உச்சத்தை ஓர் எல்லைக்குமேல் விடாமல் வெட்டும் லிமிட்டர் போட்டும் இதைச் செய்யலாம். ஆனால் ஆறு டெசிபலுக்கு மேல் வெட்டும் லிமிட்டர் குரலையும் சேர்த்து அமுக்கும். கரண்டி தட்டும்போது குரல் அமுங்கியது என்றீர்களே, அதேதான்.

கூத்துமேடை | 5 ஜூன், இரவு 10.30

என் பக்கம் வருகிறேன். இன்று ஸ்டூடியோ பக்கத்திலிருந்து என் வீடியோவையே டவுன்லோட் செய்து அளந்தேன். மைனஸ் 8 அப்படியே இருக்கிறது! அப்படியென்றால் யூடியூப் கோப்பில் கை வைக்கவில்லையா?

ஒலிமேசை | 6 ஜூன், காலை 6.25

சத்தத்தில் கை வைக்கவில்லை. ஏற்றும்போது அளந்து எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். ஓடும்போது பிளேயர் அந்த எண்ணைப் பார்த்து வால்யூமைத் திருப்புகிறது, அவ்வளவுதான். டவுன்லோட் செய்து வேறு பிளேயரில் போட்டால் திருப்ப ஆள் இல்லை, பழைய சத்தம் வந்துவிடும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மிக்ஸ் முடித்ததும் மைனஸ் 8 வந்ததா, இல்லை லிமிட்டர் போட்டு அங்கே கொண்டுபோனீர்களா?

கூத்துமேடை | 6 ஜூன், காலை 7.50

லிமிட்டர்தான். மிக்ஸ் மைனஸ் 15இல் இருந்தது, உச்சம் மைனஸ் 1. சத்தம் பத்தாது என்று லிமிட்டரில் 7 டெசிபல் தள்ளி, உச்சியை மைனஸ் 0.5இல் பூட்டினேன்.

ஒலிமேசை | 6 ஜூன், காலை 9.10

இங்கேதான் விஷயம் இருக்கிறது. லிமிட்டரில் தள்ளிய கோப்பை யூடியூப் 6 டெசிபல் இறக்கியபின் உச்சம் மைனஸ் 6.5இல் நிற்கிறது. அதற்கு மேலே உள்ள இடம் முழுக்கக் காலி. மிருதங்கத்தின் அடி, சதங்கையின் முதல் சொடுக்கு, அடவு முடிக்கும்போது காலை ஓங்கி மிதிக்கும் சத்தம் எல்லாவற்றையும் லிமிட்டர் மழுங்க அடித்தது. அதைக் கொடுத்து வாங்கிய உயரத்தை யூடியூப் திருப்பி எடுத்துக்கொண்டது. லிமிட்டர் போடாத மிக்ஸ் மைனஸ் 15. அதை யூடியூப் தொடாது, உச்சம் மைனஸ் 1 வரை அப்படியே வரும். இரண்டுக்கும் சராசரிச் சத்தத்தில் ஒரே ஒரு டெசிபல்தான் வித்தியாசம்.

சொன்னால் நம்ப வேண்டாம். லிமிட்டர் கோப்பை 7 டெசிபல் இறக்கி, திறந்த மிக்ஸுடன் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். இறக்காமல் ஒப்பிட்டால் எப்போதும் சத்தமான கோப்பே நல்ல கோப்பாகத் தெரியும். காதின் இயல்பு அது.

சலங்கை | 6 ஜூன், மதியம் 12.20

போனில் 'ஸ்டேபிள் வால்யூம்' என்று ஒன்று வருகிறதே, அதை ஆஃப் செய்தால் சரியாகிவிடாதா?

ஒலிமேசை | 6 ஜூன், மதியம் 2.05

அது வேறு. 2023இல் வந்தது. வீடியோவுக்கு உள்ளேயே தாழ்ந்த இடத்தைத் தூக்கி, உயர்ந்த இடத்தை அடக்கும். ஆஃப் செய்தாலும் மைனஸ் 14க்கு இறக்கும் வேலை நிற்காது. ஆனால் ஒப்பிட்டுக் கேட்கும்போது ஆஃப் செய்துவிடுவது நல்லது. கூத்து மாதிரி ஏற்ற இறக்கம் உள்ள பதிவை அது தட்டையாக்கிவிடும்.

கூத்துமேடை | 6 ஜூன், இரவு 11.40

கேட்டேன். ஒரே அளவுக்கு இறக்கி வைத்ததும் லிமிட்டர் கோப்பு போர்வை போர்த்தியதுபோல இருக்கிறது. கட்டியங்காரன் குதித்து இறங்கும் இடத்தில் திறந்த மிக்ஸில் பலகை அதிர்வது தெரிகிறது, லிமிட்டர் கோப்பில் ஜால்ரா மட்டும்தான் தெரிகிறது. திறந்த மிக்ஸையே மறுபடி ஏற்றிவிட்டேன். இப்போது `100% / 100%`, பக்கத்தில் மைனஸ் 1.0.

ஆனாலும் ஒரு குறை. சினிமாப் பாட்டும் மைனஸ் 14, என்னுடையதும் கிட்டத்தட்ட அதே. அப்படியும் பாடகரின் குரல் பின்னால் நிற்கிற மாதிரியே இருக்கிறது.

ஒலிமேசை | 7 ஜூன், காலை 7.15

ஜால்ரா எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

கேட்பதற்குக் காரணம் உண்டு. லஃப்ஸ் மீட்டர் எல்லாச் சுருதியையும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ 2006இல் கொண்டுவந்த பிஎஸ் 1770 முறைதான் எல்லோருக்கும் அடிப்படை. அதில் சுமார் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதை ஏறத்தாழ 4 டெசிபல் கூட்டி எண்ணும், அடிமட்டத்து உறுமலைக் குறைத்து எண்ணும். ஜால்ராவும் முகவீணையின் கூர்மையும் அந்த மேல்பகுதியில்தான் விழுகின்றன. ஜால்ரா ஆறு நிமிடமும் நிற்காமல் அடிக்கிறது. மீட்டரின் கணக்கில் பெரும்பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது, மீதிதான் குரலுக்கு.

ஜால்ராவை 3 டெசிபல் இறக்கிவிட்டு அளந்து பாருங்கள். மொத்த எண் கீழே வரும். அந்த இடத்தைக் குரலுக்குக் கொடுங்கள்.

பாதிராத்திரி | 7 ஜூன், காலை 10.02

அதே முறை என்றால் பாஸை ஏற்றிக்கொள்ளலாமே? குறைத்துத்தானே எண்ணுகிறது?

ஒலிமேசை | 7 ஜூன், காலை 11.30

குறைத்து எண்ணுவது ரொம்ப அடியில்தான். 80, 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறக்குறைய முழுதாகவே எண்ணும். போன் ஸ்பீக்கரோ அந்த இடத்தை எழுப்பவே எழுப்பாது. ஆகவே பாஸ் கூடின வீடியோ மீட்டரில் மைனஸ் 14 காட்டும், போனில் கேட்டால் மெலிந்திருக்கும். போனில் பார்ப்பவர்களுக்கு என்றால் பாஸை ஏற்றுவது நஷ்டம்.

அடுப்பங்கரை | 7 ஜூன், மாலை 5.45

அண்ணா, கரண்டி எல்லாவற்றையும் அடக்கியாயிற்று. இப்போது `I: -22.5`, `Peak: -9.8`.

ஒலிமேசை | 7 ஜூன், மாலை 6.20

இனி லவுட்நார்மே தேவையில்லை. 8.5 ஏற்றினால் மைனஸ் 14, உச்சம் மைனஸ் 1.3.

```
ffmpeg -i samayal2.mp4 -c:v copy -af volume=8.5dB out.mp4
```

கரண்டியை ஏழு டெசிபல் இறக்கியும் மொத்த எண் 0.1 தான் அசைந்தது என்பதைப் பாருங்கள். அந்தத் தட்டல்கள் சத்தத்துக்கு எதுவும் சேர்க்கவில்லை, உச்சியில் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன.

பாதிராத்திரி | 7 ஜூன், இரவு 9.15

சமையல் வீடியோவில் பேசாத நேரம் நிறைய இருக்குமே. அந்த அமைதியெல்லாம் சராசரியைக் கீழே இழுக்கும். அப்படியென்றால் 8.5 ஏற்றினால் பேச்சு அதிகமாகிவிடாதா?

ஒலிமேசை | 7 ஜூன், இரவு 10.40

நல்ல கேள்வி. சுத்த அமைதி இழுக்காது. சராசரியைவிட 10க்கு மேல் தாழ்ந்த இடங்களை மீட்டர் கணக்கிலிருந்தே தள்ளிவிடும். அந்த ஏற்பாடு 2011இல் வந்த திருத்தத்தில் சேர்ந்தது. தங்கச்சியின் வீடியோவில் வெட்டுக்கோடு சுமார் மைனஸ் 32.

ஆனால் தாளிப்புச் சத்தமும் வதக்கும் சத்தமும் மைனஸ் 28, 29இல் இருந்தால் அவை கோட்டுக்கு மேலே நிற்கும், கணக்கில் வரும், எண்ணை இழுக்கும். பேச்சு மட்டும் உள்ள இரண்டு நிமிடத்தை வெட்டி அளந்து பாருங்கள். அது முழு வீடியோவைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும். அப்படி இருந்தால் பேச்சை மைனஸ் 14இல் வைத்து, முழு வீடியோவை மைனஸ் 15 அல்லது 16 என்று விட்டுவிடுவேன். பார்க்க வருகிறவர் கேட்பது குரலைத்தானே.

அடுப்பங்கரை | 8 ஜூன், காலை 9.50

பேச்சு மட்டும் மைனஸ் 20.6. அதனால் 6.5 மட்டும் ஏற்றிப் போட்டேன். முதல் கமென்ட் அத்தையிடமிருந்து, "மைக் புதுசா?" என்று.

கூத்துமேடை | 8 ஜூன், இரவு 10.05

ஜால்ராவை 3 இறக்கினேன், மொத்தம் மைனஸ் 16.2க்கு வந்தது. பாடகர் குரலை 2 ஏற்றினேன், அப்புறம் முழு மிக்ஸையும் கொஞ்சம் தூக்கி மைனஸ் 14.5இல் நிறுத்தினேன். குரல் முன்னால் வந்துவிட்டது. குழுவின் வாத்தியார் மட்டும் ஜால்ரா எங்கே போயிற்று என்கிறார். மேடையில் அவருக்குப் பின்னாலேயே நிற்கும் சத்தம் அது, தாளமும் அதில்தான் நிற்கிறது. அவர் சொல்வதையும் தள்ள முடியவில்லை. 3க்குப் பதில் 2 இறக்கிப் பார்க்கப்போகிறேன்.

வாட்ஸ்அப் குரூப்புக்கு என்ன அனுப்புவது? திறந்த மிக்ஸை அனுப்பினால் அங்கே மற்ற வீடியோக்களுக்கு நடுவில் இதுதான் மெலிதாகக் கேட்கும்.

ஒலிமேசை | 9 ஜூன், காலை 6.50

அங்கே இறக்க ஆள் இல்லாததால் போட்டி இன்னும் பழைய போட்டிதான். குரூப்புக்குத் தனியாக மைனஸ் 11 பக்கம் ஒன்று செய்து அனுப்புங்கள், லிமிட்டர் 3, 4 டெசிபலுக்குமேல் வெட்டாமல். உச்சியை மைனஸ் 0.5இல் பூட்டாதீர்கள், மைனஸ் 1 வையுங்கள். சுருக்கும்போது உச்சம் கொஞ்சம் எகிறும்.

சலங்கை | 9 ஜூன், காலை 8.30

இன்ஸ்டா ரீல்ஸுக்கு எந்த எண்?

ஒலிமேசை | 9 ஜூன், காலை 9.15

அங்கே யூடியூபில் இருப்பதுபோல எண்ணைக் காட்டும் இடம் இல்லை. மைனஸ் 14இல் ஒன்று, மைனஸ் 9இல் ஒன்று என்று ஒரே துண்டைத் தனிக் கணக்கில் ஏற்றி, ஹெட்போன் கம்பியிலிருந்து பதிவுசெய்து அளந்தால்தான் தெரியும். யாராவது செய்தால் போன் மாடலோடு இங்கே போடுங்கள்.